எண்ணாமல் எண்ணுவோம் – 14
36 கல்லா, 42 கல்லா?

புள்ளிக்கோலத்தில் வரிசையையும் வரிசைக்கான புள்ளியையும் பெருக்கினால் போதும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் நிலம் அளக்கும் கணக்கு என்று சொல்லியிருந்தேன். ஆனால் சூரமங்கலத்தில் பக்கத்து வீட்டு அறைக்குத் தரைக்கல் கணக்குப் போட்டதில் கிடைத்த விஷயத்தை விட மனசில்லை.

அறை 13 அடிக்கு 11 அடி. கல் ‘ரெண்டுக்கு ரெண்டு’. வீட்டுக்காரர் போட்ட கணக்கு இது: 143 சதுர அடியை 4ஆல் வகுத்தால் 35.75, ஆக 36 கல். பெட்டிக்கு 4 வீதம் 9 பெட்டி. டைல்ஸ் மேஸ்திரி பார்த்துவிட்டு, “சதுர அடி வேண்டாங்க சார். நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனைன்னு பாருங்க” என்றார்.

நீளத்தில் ஆறரை, அகலத்தில் ஐந்தரை. முழுக்கல் 6 × 5 = 30. ஓரங்களில் 11 அரைக்கல்லும் மூலையில் ஒரு கால்கல்லும் வேண்டும். ஒரு கல்லை இரண்டாக அறுத்தால் இரண்டு அரை கிடைக்கும். அப்படிப் பார்த்தாலும் 36தான். வீட்டுக்காரர் சிரித்தார்.

மேஸ்திரி டேப்பை ஒரு கல்மேல் வைத்துக் காட்டினார். 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 609.6 இருக்க வேண்டும். கடையில் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று விற்கும் கல் உண்மையில் ஒரு சென்டிமீட்டர் போல குறைவு! 13 அடி என்பது 3,962 மில்லிமீட்டர். 6 கல் போக மீதி 362. அகலத்தில் 5 கல் போக மீதி 353. இரண்டுமே அரைக்கல்லான 300ஐத் தாண்டுகின்றன. இடையில் விடும் சந்தைக் கழித்தாலும் 300க்குக் கீழே வராது. ஆக ஒரு கல்லில் ஒரு துண்டுதான் தேறும். கணக்கு 7 × 6 = 42. பதினொரு பெட்டி.

மிச்சம் வீணா? இல்லை. அறுத்த 12 கல்லிலும் 238 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் துண்டு மிஞ்சுகிறது. அதில் 100 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டை எடுக்கலாம். 24 பட்டை, ஒவ்வொன்றும் 600 நீளம்: 14.4 மீட்டர். மூன்றடி வாசல் போக அறையின் சுற்றளவு 45 அடி, அதாவது 13.7 மீட்டர். சுவரோரத்து ஸ்கர்டிங் முழுக்க அதிலேயே முடிந்துவிடும். இதற்காகவே நில அளவையைத் தள்ளிவைத்தேன்.

கல் வாங்கப் போகிறவர்களுக்கு: அறையை மில்லிமீட்டரில் அளந்து, இரு பக்கத்தையும் கல்லின் அளவால் தனித்தனியே வகுத்து, பின்னத்தை முழுக்கல்லாக ஏற்றிய பிறகு பெருக்குங்கள். மீதி பாதிக்கல்லுக்குக் கீழே இருந்தால் மட்டும் ஒரு கல்லில் இரண்டு துண்டு எடுக்கலாம். உடைசலுக்கு இரண்டு மூன்று கல் கூட வாங்குங்கள்.

இனி, தள்ளிவைத்த நில அளவைக்கு வருவோம். 33 அடிச் சதுரங்களை 5 வரிசையாக, வரிசைக்கு 8 வீதம் வைத்தால் சரியாக ஒரு ஏக்கர். 1792இல் சேலம் சீமை கம்பெனி கைக்கு வந்ததும் அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்த கதை அடுத்த வாரம்.