முன்னணி நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம்!

ஏதாவது ஒரு பெரிய கம்பெனியில் அட்மின் மேனேஜரின் மேஜையை நோட்டம் விட்டிருக்கிறீர்களா? ஓரத்தில் ஒரு தட்டு இருக்கும். அதில் பிரித்தும் பிரிக்காமலும் கடிதங்கள். எதை எடுத்தாலும் முதல் வரி ஒன்றுதான்: ‘துறையில் முன்னணி நிறுவனமான எங்களை அறிமுகப்படுத்திக் கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.’ இத்தனை பேர் முன்னால் நின்றால் பின்னால் நிற்பது யார் என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

என் நண்பன் ஒருவன் சமீபத்தில் இந்த முன்னணியில் சேர்ந்தான். பதினோரு வருஷம் யுபிஎஸ் சர்வீஸ் வேலை பார்த்தவன். கூட வேலை பார்த்த இன்னொருத்தரைச் சேர்த்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு மாடி ரூமில் கம்பெனி ஆரம்பித்தான். கையில் இருந்த சேமிப்பு ஆறு மாத வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாக வரும். ஏழாவது மாதம் என்ன என்று கேட்டால் சுவரைப் பார்ப்பான்.

முதல் மாதம் அறுபது கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார்கள். பளபள காகிதம், ‘முழுமையான பவர் தீர்வுகள்’ என்று தலைப்பு, கீழே பதினேழு சேவைகள். ஜெனரேட்டர், சோலார், சிசிடிவி, ஏ.சி. வரை எல்லாம் உண்டு. ‘தங்கள் வசதிக்கேற்ப சந்திக்க வாய்ப்பளிக்க வேண்டுகிறோம்’ என்று முடிவு. வந்த பதில்? ஒரே ஒரு போன். அதுவும் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் விற்க!

“மச்சான், நீதான் பத்திரிகைக்கு எழுதறியே... இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுடா” என்று வந்து உட்கார்ந்தான்.

நான் பி.காம்.காரன். எனக்கு யுபிஎஸ் என்றால் மின்சாரம் போனதும் ‘பீப் பீப்’ என்று கத்தும் பெட்டி, அவ்வளவுதான். அதனால் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “உனக்குத் தெரிந்து, அந்த மேனேஜருக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று சொல்லு” என்றேன்.

யோசித்துவிட்டுச் சொன்னான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு நடுத்தர ஆபீஸ் யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரிகள் இருபது, ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்து வைத்திருப்பார்கள் என்று வையுங்கள். சார்ஜில் இருக்கும்போது ஒவ்வொன்றும் 13.5 வோல்ட் வாக்கில் இருக்கும். இருபதுக்கும் சேர்த்து 270. யுபிஎஸ்ஸின் முகப்புத் திரை பெரும்பாலும் அந்தக் கூட்டுத் தொகையைத்தான் காட்டும். இப்போது அதில் ஒரு பேட்டரிக்குள் ஆறு செல்லில் ஒரு செல் படுத்துவிட்டது. அது 11.5-க்கு இறங்கிவிடுகிறது. ஆனால் சார்ஜர் விடாப்பிடியாக மொத்தம் 270-ஐக் காப்பாற்றும். மற்ற பத்தொன்பதும் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுமந்து 13.6 ஆகிவிடும். திரையில் அதே 270! கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் வேலைக்குப் போகாதது வெளியே தெரியாத மாதிரி.

மின்சாரம் போகிற அன்றுதான் குட்டு வெளிப்படும். அரை மணி நேரம் தாங்க வேண்டியது நாலு நிமிஷத்தில் ‘மூச்’. சர்வர் ‘டப்’பென்று அணையும். அப்போது எம்.டி. யாரைக் கூப்பிடுவார்? அந்த ஆளுக்குத்தான் கடிதம் போக வேண்டும்.

முதல் கடிதத்தில் நடந்த பெரிய கோளாறே இதுதான். எல்லாவற்றையும் ‘நிர்வாக இயக்குநர்’ என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். எம்.டி.க்கு வருவது அவருடைய செயலாளரின் குப்பைக்கூடை வரை போகும். பர்ச்சேஸுக்குப் போட்டாலும் பிரயோஜனம் குறைவு. அவர்கள் கேட்ட பொருளை வாங்குகிறவர்கள், கேட்காததைப் பற்றி யோசிப்பது அவர்கள் வேலை இல்லை. யுபிஎஸ் அணைந்தால் திட்டு வாங்குகிறவர் அட்மின் மேனேஜரோ ஐ.டி. ஹெட்டோதான். ரிசப்ஷனுக்கு போன் போட்டு, “யுபிஎஸ் விஷயமெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பேர் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்களேன்” என்றால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். அறுபதைப் பன்னிரண்டாகக் குறைத்தோம். பன்னிரண்டுக்கும் பெயர் தெரியும்.

அடுத்து ஒரு சண்டை. பதினேழு சேவைகளை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன்: பேட்டரிகளை ஒவ்வொன்றாக அளந்து, ஒரு பக்க ரிப்போர்ட் தருவது. பார்ட்னர் கொதித்துவிட்டார். “என்னங்க இது? பேட்டரி விற்றால்தானே காசு! ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேட்டரி விற்பனையில் வருவதுதான் இந்தத் தொழிலில் சோறு. ஆனால் செருப்புக் கடையில் போய், “என் செருப்பு தேய்ந்திருக்கா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? அந்த மேனேஜருக்கும் அது தெரியும். இரவு பத்தரை வரை இழுபறி. கடைசியில், அளக்கிற இடத்தில் அந்த வருஷம் பேட்டரி விற்பதில்லை என்று முடிவானது. பார்ட்னர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுநாள் வந்து, “அந்த வரியைக் கொஞ்சம் மேலே போடுங்க, அதான் எடுபடும்” என்றார்!

கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. நம் ஊர் கம்பெனிகளில் வேறு வழி? உங்களுக்காகத் தமிழில்:

‘அன்புள்ள ஸார்,

உங்கள் யுபிஎஸ் திரை எல்லா பேட்டரிகளின் கூட்டு வோல்டேஜைக் காட்டுகிறது. இருபதில் ஒன்று பழுதானாலும் அந்த எண் மாறாமல் இருக்கலாம். மின்சாரம் போகும் நாளில்தான் தெரியும்.

நாங்கள் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று ஒரு பக்க ரிப்போர்ட் தருகிறோம். பேட்டரி விற்பதில்லை. யுபிஎஸ் போர்டு ரிப்பேரும் செய்வதில்லை.

முதல் அளவுக்கு யுபிஎஸ்ஸை நிறுத்த வேண்டியதில்லை. லோடு கொடுத்துப் பார்க்கும் சோதனையை உங்கள் விடுமுறை நாளில், உங்கள் ஆள் முன்னிலையில் மட்டும் செய்வோம். 240 வோல்ட் டி.சி. என்பதால் எப்போதும் இருவர், இன்சுலேட்டட் கருவிகளோடு வருவோம்.

இருபது பேட்டரி கொண்ட ஒரு செட்டுக்கு ரூ. 3,500, ஜி.எஸ்.டி. தனி.

எங்கள் நிறுவனத்துக்கு வயது மூன்று மாதம். எங்கள் இருவருக்கும் இந்த வேலையில் ஆளுக்குப் பதினோரு வருஷம்.

வரும் செவ்வாய் அல்லது வியாழன் காலை 11 மணிக்கு இருபது நிமிடம் தர முடியுமா? திங்கள் காலை பத்தரைக்கு போன் செய்து கேட்கிறேன். மாதிரி ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.’

அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட நிரம்பவில்லை.

விலையைப் போடலாமா என்று ரொம்ப யோசித்தோம். இலவசம் என்று போட்டால், ‘பின்னாலே என்னத்தை விற்கப் போறான்?’ என்று தோன்றும். 3,500 என்றால் மேலே யாரையும் கேட்காமல் மேனேஜரே கையெழுத்துப் போட்டுவிடக்கூடிய தொகை. பல ஆபீஸ்களில் அப்படி ஒரு வரம்பு இருக்கிறது. அதற்குள் நிற்கிற வேலையைக் கேட்பதுதான் புதுக் கம்பெனிக்கு லாபம்.

‘தங்கள் வசதிக்கேற்ப’ என்று எழுதினால் அந்த வசதி வரவே வராது. அதனால்தான் கிழமை, மணி. போன் செய்யும் நேரத்தையும் சொல்லிவிட்டதில் ஒரு நன்மை: பத்தரைக்கு மணி அடிக்கும்போது அவர் எதிர்பார்க்காவிட்டாலும், ஆபரேட்டரிடம் “ஸாருக்குக் கடிதம் போட்டிருந்தேன், இப்போது பேசுவதாகச் சொல்லியிருந்தேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அது பொய்யில்லை!

இன்னொரு விஷயம், காலம். வருடப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் பல இடங்களில் ஏப்ரல் ஒன்றுக்குப் புதுப்பிக்கப்படுகின்றன. மே மாதம் வெயிலில் போய் நின்றால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார்கள். இவர்கள் கடிதம் போட்டது ஜனவரி கடைசியில். தபாலில் ஒன்று, அதே நாளில் மெயிலில் ஒன்று. மெயிலின் தலைப்பில் ‘அறிமுகக் கடிதம்’ என்று போடாமல் ‘யுபிஎஸ் பேட்டரி: செவ்வாய் 20 நிமிடம்’ என்று போட்டான் நண்பன். அது அவன் யோசனை; நல்ல யோசனை.

பன்னிரண்டில் ஐந்து பேர் “பார்த்துட்டு சொல்றோம்” என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாலு பேர் பிடிபடவே இல்லை. மூன்று பேர் வரச் சொன்னார்கள். அதில் ஒருவர் கிண்டியில் இருக்கும் ஒரு கம்பெனியின் அட்மின் மேனேஜர். நண்பன் உட்காரும் முன்பே, “தம்பி, உங்க லெட்டரைப் படிச்சுட்டுப் போய் திரையைப் பார்த்தேன். 270-ன்னுதான் காட்டுது. நல்லா இருக்குன்னு அர்த்தமா, இல்லியா?” என்று கேட்டார். இருபது நிமிடத்துக்குள் இருவரும் பேட்டரி ரூமில் நின்றார்கள். பதினான்காம் நம்பர் பேட்டரி 11.4 காட்டியது.

மேனேஜர் மீட்டரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். நண்பன் அதோடு விடவில்லை. சார்ஜில் இருக்கும்போது நல்ல எண் காட்டுகிற பேட்டரி கூட லோடு ஏறினால் சாயலாம், அதனால் இந்த அளவை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டான். செட்டுக்கு ஒரு வயதுதான் என்பதால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், நாலு வயது செட்டாக இருந்தால் பழையதுகளோடு புதிது ஒத்துப்போகாது, மொத்தமாகத்தான் யோசிக்க வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை லோடு சோதனைக்கு அங்கேயே சம்மதம்.

பிறகு வந்தது வெண்டார் படிவம். ஏழு பக்கம்! பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழ், கேன்சல் செய்த செக், உத்யம் பதிவு... எல்லாம் தயாராக இருந்தது. ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டாத சேவை நிறுவனத்துக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. கட்டாயமில்லை, ஆனாலும் பெரிய கம்பெனிகள் வரி வரவு எடுக்க அந்த பில்லைத்தான் கேட்கும் என்று முதல் வாரமே பதியச் சொல்லியிருந்தேன். பி.காம். படிப்பு அங்கே உதவியது. உத்யம் அரசு தளத்திலேயே இலவசம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஆறாம் பக்கத்தில் மாட்டினான். ‘கடந்த மூன்று ஆண்டு பாலன்ஸ் ஷீட் இணைக்கவும்.’ கம்பெனிக்கு வயது மூன்று மாதம்!

மேனேஜருக்கே போன் போட்டான். அவர் சிரித்தார். “அதான் லெட்டர்லயே எழுதியிருந்தீங்களே... வருஷ ஒப்பந்தத்துக்குத்தான் அந்தப் படிவம். 3,500 ரூபாய்க்கு ஒரு தடவை வேலைன்னு பி.ஓ. போட்டுத் தர்றேன், இது வேண்டாம். ஒப்பந்தத்தை மார்ச்ல பேசுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவரும் கிண்டி கேட்டில் நின்றார்கள். கையுறையை மறக்காமல் எடுத்துவந்தவர் பார்ட்னர்.