அலாரம் அடித்ததும் நின்றுபோகும் காலம்

மண்ணின் ஈரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மெமரி கார்டில் எழுதிவிட்டு மறுபடி தூங்கப்போகும் சிறு கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூளை, ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ATmega328P சிப். நேரம் காட்ட, பட்டன் பேட்டரியில் ஓடும் DS3231 கடிகாரச் சிப். பேட்டரி மிச்சமாக வேண்டும் என்பதால் மூளைச் சிப் ஆழ்ந்து தூங்கும். அலாரம் வந்ததும் கடிகாரம் ஒரு கம்பி வழியாக அதைத் தட்டி எழுப்பும். அந்தக் கம்பி ஆர்டுயினோவின் 2-ஆம் பின்னில் செருகப்பட்டிருக்கிறது.

முதல் அலாரம் வரும். கருவி விழிக்கும். அப்படியே உறைந்துவிடும். ரீசெட் பட்டனை அழுத்தினால் மறுபடி தொடங்கி, அலாரம் வரும்வரை கூடக் காத்திராமல் உறையும். இதைக் கட்டுகிறவர்கள் முதலில் சந்தேகிப்பது ஒயரை, அடுத்தது பேட்டரியை. இரண்டிலும் தவறு இருக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை இடைமறித்து, 'முதலில் இதைப் பார்' என்று சொல்வதுதான் இண்டரப்ட். நிரல் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அதற்கென எழுதிவைத்த ஒரு சிறு பகுதிக்குத் தாவும். முடித்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பும். கம்பியில் எதைக் கண்டால் தாவுவது என்பதை நாம்தான் சொல்லவேண்டும். கம்பி சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் இருக்கிறது. அலாரம் வந்தால் கடிகாரம் அதைப் பூஜ்யத்துக்கு இழுக்கிறது. உயரத்திலிருந்து கீழே விழும் அந்தக் கணத்தைக் கண்டு தாவு என்றால் அது விளிம்பு வகை. கம்பி கீழே இருக்கும்வரை தாவு என்றால் அது மட்ட வகை. ஆர்டுயினோவில் `FALLING` என்றும் `LOW` என்றும் எழுதுகிறோமே, அந்த ஒரு சொல்லில் இருக்கிறது இவ்வளவு வேறுபாடும்.

விளிம்பு வகையில் கம்பி விழுந்ததும் சிப்புக்குள் ஒரு கொடி உயரும். தாவியதும் அந்தக் கொடி தானாக இறங்கிவிடும். அதன்பின் கம்பி ஒரு மணி நேரம் கீழேயே கிடந்தாலும் சிப் திரும்பிப் பார்க்காது. மட்ட வகையில் அப்படி நினைவுக்கொடி எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் கம்பியையே நேராகப் பார்க்கிறது. தொட்டிலில் பசித்து அழும் பிள்ளை மாதிரி: எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் அழுகை நிற்காது, பால் கொடுத்தால்தான் நிற்கும்.

இனி நம் கருவிக்கு வருவோம். DS3231 கம்பியைக் கீழே இழுத்தால் தானாக விடாது. அதற்குள் 0F எண்ணுள்ள நிலைப் பதிவேட்டில் முதல் அலாரத்துக்கென ஒரு பிட் 1 ஆகியிருக்கும். யாராவது அங்கே போய் அதைப் பூஜ்யமாக எழுதும்வரை கம்பி கீழேதான். அந்தப் பிட்டைப் பட்டன் பேட்டரி காப்பாற்றுகிறது. அதனால்தான் ஆர்டுயினோவை ரீசெட் செய்தும் பயனில்லை. ரீசெட் ஆனது மூளை மட்டுமே. கடிகாரம் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

அப்போது சிப்புக்குள் நடப்பது இதுதான். இண்டரப்ட் பகுதிக்குத் தாவுகிறது, அங்கே உள்ள வேலையை முடிக்கிறது, திரும்புகிறது. திரும்பியதும் பிரதான நிரலில் ஒரே ஒரு கட்டளையை நிறைவேற்றிவிட்டுத்தான் அடுத்த இண்டரப்டைக் கவனிக்கும். இது இந்தச் சிப் குடும்பத்தின் விதி. கம்பி இன்னும் கீழே, ஆகவே மறுபடி தாவல். ஒரு சுற்றுக்கு 60 துடிப்பு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 16 மெகாஹெர்ட்ஸில் அது 4 மைக்ரோ நொடிக்கும் குறைவு. அந்தச் சுற்றில் பிரதான நிரலுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு துடிப்பு.

நிரல் நின்றுவிடவில்லையே, ஊர்ந்தாவது போகுமே, போய் அந்தப் பிட்டைப் பூஜ்யமாக்கட்டுமே என்று தோன்றும். போகும்தான். ஆனால் கடிகாரத்தோடு பேசும் ஐ2சி இணைப்பும் ஒரு இண்டரப்டை நம்பித்தான் ஓடுகிறது. பல இண்டரப்டுகள் ஒன்றாகக் காத்திருந்தால் வரிசையில் முன்னால் இருப்பதற்கே முதலிடம். 2-ஆம் பின்னின் INT0 வரிசையில் இரண்டாவது. அதற்கு மேல் ரீசெட் மட்டும்தான். `millis()` கணக்கை நகர்த்தும் டைமர் 17-ஆவது, ஐ2சி 25-ஆவது. கம்பி கீழே இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் INT0 முந்திக்கொள்கிறது. ஐ2சி முறை வரவே வராது. டைமரின் முறையும் வராததால் `millis()` நின்றுபோகும், `delay()` முடியாது. கருவியைப் பொறுத்தவரை காலமே நின்றுவிட்டது.

சரி, இண்டரப்ட் பகுதிக்குள்ளேயே கடிகாரத்தோடு பேசி அழித்துவிடலாமா? முடியாது. அந்தப் பகுதி ஓடும்போது மற்ற எல்லா இண்டரப்டும் மூடியிருக்கும். ஐ2சி பதிலுக்குக் காத்தே கிடக்கும். வெளியே போனால் முறை கிடைக்காது, உள்ளே இருந்தால் வழியே மூடியிருக்கிறது.

இதுதான் நோய் என்று உறுதிசெய்ய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 2-ஆம் பின்னில் வைத்தால் அசையாமல் பூஜ்ய வோல்ட் காட்டும். இண்டரப்ட் பகுதிக்குள் எல்.இ.டி.யை மாற்றி மாற்றிப் போடும் ஒரு வரி சேர்த்தால், ஒருமுறை மாறி நிற்கவேண்டிய விளக்கு பாதி வெளிச்சத்தில் மங்கலாக எரியும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அது அணைந்து எரிகிறது.

அப்படியானால் `FALLING` என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா? உறைதல் போய்விடும், உண்மை. ஆனால் பிட்டை அழிக்க மறந்தால், இரண்டாவது அலாரம் வரவே வராது. கீழேயே கிடக்கும் கம்பி இன்னொரு முறை எப்படி விழும்? முன்னது கத்திக் கெடுத்தது, இது பேசாமல் கெடுக்கிறது. தேடிப் பிடிக்க இதுதான் கடினம் என்பேன். DS3231-இல் இரண்டு அலாரங்கள் ஒரே கம்பியைப் பகிர்வதால் ஆபத்து இன்னும் கூடுகிறது: முதலாவது பிடித்திருக்கும்போது இரண்டாவதும் வந்தால் புதிய விளிம்பே உண்டாகாது. தூங்கப்போகும் முன் கடைசி நொடியில் அலாரம் வந்துவிட்டாலும் இதே கதி. விளிம்பு கடந்துவிடும், சிப் எழுப்ப ஆளின்றித் தூங்கும். மட்ட வகையில் அது உடனே எழுந்துகொள்ளும். ஆழ்ந்த தூக்கத்தில் விளிம்பைக் காணும் சுற்றுக்குத் துடிப்பு வேண்டும் என்று இந்தச் சிப்பின் கையேடே சொல்கிறது. மட்டத்தைக் காண அது தேவையில்லை. எனவே இந்த வேலைக்கு `LOW`தான் சரி.

தீர்வு, இண்டரப்ட் பகுதி ஒரே ஒரு வேலையைச் செய்வது: தன் கதவைத் தானே சாத்திக்கொள்வது.

```
void wake() {
  detachInterrupt(digitalPinToInterrupt(2));
}
```

கதவு சாத்தியதும் கம்பி கீழே கிடந்தாலும் தாவல் இல்லை. பிரதான நிரல் முழு வேகத்தில் ஓடும், ஐ2சி வேலை செய்யும். அங்கே நிதானமாக இரண்டு அலாரப் பிட்டுகளையும் பூஜ்யமாக்கி, அடுத்த அலாரத்தை வைத்து, அதன் பிறகே `attachInterrupt` அழைத்துத் தூங்கவேண்டும். இந்த வரிசை மாறினால் கதவு திறந்த உடனேயே இண்டரப்ட் வந்துவிடும். ரீசெட்டுக்குப் பிறகு `setup()`-இலும் முதலில் பிட்டுகளை அழித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கவேண்டும்.

லினக்ஸும் இதே வழியில்தான் போகிறது. ஐ2சி-யில் பேசும் சிப்புகளின் இண்டரப்டைத் தனி இழையில் கவனிக்கும்போது `IRQF_ONESHOT` என்ற அடையாளம் கொடுப்பார்கள். இழை வேலையை முடிக்கும்வரை அந்தக் கம்பி மூடியே இருக்கும். முதல்நிலைக் கவனிப்பு எதுவும் எழுதாமல் அந்த அடையாளத்தையும் விட்டுவிட்டால், பொதுவாகக் கெர்னல் அந்த இண்டரப்டைப் பதிவுசெய்யவே மறுத்துவிடும்.