கொப்பியிற் கண்ட மூன்று ககரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் சிங்கள ஆசிரியர் ஒருவர் மாலைவேளைகளில் என்னிடம் தமிழ் கற்க வந்தார். நான் சொல்லும் சொற்களையெல்லாம் தமது கொப்பியிலே சிங்கள எழுத்தில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். ஒருநாள் அக்கொப்பியைப் புரட்டிய நான் திடுக்கிட்டேன். 'கல்' என்ற சொல்லின் ககரத்தைச் சிங்களக் ககரத்தால் எழுதியிருந்தார், அது சரி. ஆனால், 'தங்கம்' என்பதன் ககரத்துக்கு வேறோர் எழுத்து. 'பகல்' என்பதன் ககரத்துக்கோ ஹகர எழுத்து! ஓரெழுத்தை மூன்றாக்கிவிட்டாரே என்று எண்ணிச் சிவப்பு மையினால் அவ்வளவையும் வெட்டித் திருத்தினேன்.

அவர் கொப்பியைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன்? எங்கே, இன்னொருமுறை சொல்லுங்கள்" என்றார்.

தொண்டையிலே விரலை வைத்துக்கொண்டு மூன்று சொற்களையும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். 'கல்' என்னும்போது ககரம் பிறக்கும் கணத்தில் தொண்டையில் அதிர்வில்லை. 'தங்கம்' என்னும்போது ககரத்திலும் அதிர்வு தொடர்ந்தது. 'பகல்' என்னும்போது நாவின் பின்புறம் அண்ணத்தை முட்டவேயில்லை. மூச்சு உரசிச் சென்றது. அவர் காது பொய் சொல்லவில்லை. இத்தனை காலம் தமிழ் படிப்பித்த என் காதுதான் அம்மூன்றையும் ஒன்றென எண்ணி வந்திருக்கிறது.

அப்படியானால் பிழை யாருடையது? அவர் காதினதா, என் சிவப்பு மையினதா? இக்கேள்வியே என்னை மொழியியலாரின் நூல்களை நாடச் செய்தது. அவர்கள் இதனைத் தீர்க்க ஓர் எளிய சோதனையைக் கையாளுகின்றனர். 1939ஆம் ஆண்டில், ஆசிரியர் காலமானதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த துருபெட்ஸ்கோயின் ஒலியனியல் நூல் அச்சோதனைக்குரிய விதிகளை முறைப்பட வகுத்துரைத்தது. இன்றும் ஓர் அறியா மொழியை ஆராயப் புகுவோர் முதலிற் கைக்கொள்ளும் கருவிகளுள் அது ஒன்று.

ஓரொலியை மாற்றிப் பார்த்தல்

ஒரு சொல்லை எடுத்துக்கொள்க. அதன் ஒலிகளில் ஒன்றை மட்டும் மாற்றுக. ஏனையவை அப்படியே இருக்கட்டும். இப்போது அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அதை வேறு சொல்லாகக் கொள்கிறாரா, அல்லது அதே சொல் சற்று விகாரமாக ஒலிக்கிறது என்கிறாரா? இதுவே கேள்வி. 'பல்' என்பதன் ஈற்று லகரத்தை ளகரமாக்கினால் 'பள்' என்னும் வேறு சொல் பிறக்கிறது. யாழ்ப்பாணத்தார் வாயில் 'பத்து', 'பற்று', 'பட்டு' என்னும் மூன்றும் நாவின் நுனி தொடும் இடத்தால் மாத்திரமே வேறுபடுகின்றன; பொருளோ மூன்று. இவ்வாறு ஓரிடத்தில் ஓரொலியால் மட்டும் வேறுபட்டுப் பொருளும் வேறுபடும் சொற்களைக் குறைந்த வேற்றுமை இணைகள் என்பர். அத்தகைய இணை கிடைத்துவிட்டால், அவ்விரண்டு ஒலிகளும் அம்மொழியில் தனித்தனி 'ஒலியன்'கள் என்பது முடிவு.

இனி நம் மூன்று ககரங்களுக்கு வருவோம். மொழியியலான் செய்வது போலவே நானும் ககரம் வரும் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் ககரம் எந்த இடத்தில், எவ்வொலிகளின் அயலில் நிற்கிறது என்று குறித்தேன். கல், காடு, குளம்: சொல்லின் முதலில் அதிர்வற்ற ககரம். பக்கம், அக்கா: இரட்டித்த இடத்திலும் அதுவே. தங்கம், பங்கு, சங்கு: மெல்லெழுத்தின் பின் அதிர்வுடைய ககரம். பகல், முகம், காகம்: இரண்டு உயிர்களுக்கு நடுவே மூச்சொலி. தாள் நிறைந்தும் இந்த ஒழுங்கு குலையவில்லை. ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று வரவே காணோம்.

இதன் விளைவை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இரண்டொலிகள் ஓரிடத்தில் சந்திக்காவிடில், அவற்றால் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்கள் இருத்தல் இயலாது. வலிந்து மாற்றிப் பார்த்தாலும், 'கல்' என்பதைத் தொண்டை அதிரச் சொன்னவனை நாம் அயலூரான் என்போமேயன்றி, அவன் வேறு பொருளைச் சொன்னான் என்னோம். ஆகவே தமிழிலே இம்மூன்றும் ஒரே ஒலியனின் மூன்று வடிவங்கள். இவற்றை மாற்றொலிகள் என்பர். இவ்வாறு இடங்களைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டு நிற்பது துணைநிலை வழக்கு எனப்படும். இடத்தைக் கொண்டே ஒலியை அறியலாமாதலால், மூன்றுக்கும் ஓரெழுத்தே போதுமென நம் நெடுங்கணக்கு அமைந்திருக்கிறது.

ஆனால் சிங்களத்தின் நிலை வேறு. அதை நான் கற்றதும் அதே அறையில்தான். நண்பரிடம் இரவல் வாங்கிய நூல்களை நாளை ஒப்படைக்கிறேன் என்று அவர் மொழியிலேயே சொல்ல முயன்றேன். ஒப்படைத்தலைக் குறிக்கும் சொல் 'பார' என்பது. அதன் முதலெழுத்து, நமது 'அம்பு' என்னும் சொல்லில் ஒலிக்கும் பகரம் போலத் தொண்டை அதிர ஒலிக்க வேண்டும். நானோ 'பந்து' என்பதன் பகரத்தை இட்டுச் சொன்னேன். நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சொன்னால் அது 'வீதி' என்று பொருள்படுமாம். நூலுக்குப் பதிலாக வீதியைத் தருகிறேன் என்றிருக்கிறேன்! இரண்டு சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் 'பார', 'பார' என்றே எழுதவேண்டியிருக்கிறது. இங்கே அதிர்வுள்ள பகரமும் அதிர்வற்ற பகரமும் சொல்லின் முதலாகிய ஒரே இடத்தில் எதிரெதிர் நின்று பொருளைப் பிரிக்கின்றன. ககரத்திலும் சிங்களத்தில் இவ்வேற்றுமை உண்டு. ஆதலால் நண்பர் காது சிறு வயது முதற்கொண்டு இதனைக் காத்து வந்தது. என் காது இதனைக் கைவிடப் பழகியது.

நுந்தையும் காதும்

இச்சோதனை மேனாட்டாரின் புதுக் கண்டுபிடிப்பு என்றெண்ணியிருந்த எனக்குத் தொல்காப்பியம் ஒரு வியப்பை வைத்திருந்தது. எழுத்ததிகாரத்து மொழிமரபிலே, 'நுந்தை' என்னும் முறைப்பெயரின் முதலில் குற்றியலுகரம் வரும் என்று கூறும் ஆசிரியர், அவ்விடத்து முற்றியலுகரத்தைச் சொன்னாலும் பொருள் வேறுபடாது என்று அடுத்த சூத்திரத்திற் குறிக்கிறார். ஓரொலியை எடுத்து மற்றொன்றை இட்டார், பொருளைப் பார்த்தார், மாறவில்லை என்றார். நாம் மேலே கண்ட சோதனை இதுவன்றோ?

உரை எழுதிய நச்சினார்க்கினியர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். நுந்தையிற் பொருள் வேறுபடாமையைக் காட்ட, வேறுபடும் சொற்களை எதிரே நிறுத்துகிறார். அவற்றுள் ஒன்று 'காது'. ஈற்று உகரத்தை இதழ் குவியாது குறுக்கிச் சொன்னால் அது செவியின் பெயர். இதழ் குவித்து முற்றச் சொன்னால் 'கொல்' என்னும் ஏவல். 'கட்டு' என்பதும் அவ்வாறே பெயராகவும் ஏவலாகவும் பிரியும். குறைந்த வேற்றுமை இணை என்ற பெயர்தான் அவரிடம் இல்லை, பொருள் இருக்கிறது.

இன்று நம் பேச்சிலோ 'கட்டைக் கட்டு' என்னும்போது பெயரின் உகரமும் ஏவலின் உகரமும் தனித்து நின்றால் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. உரையாசிரியர் காட்டிய இணை மறைந்துவிட்டது. எனவே இணை என்பது ஏட்டிலுள்ள சொற்களுக்கு உரியதன்று; ஒரு காலத்து, ஓரிடத்து மக்கள் வாய்க்கு உரியது.

ஏமாறும் இடங்கள்

இதனாலேயே சோதனையிற் சில எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, 'இவ்விரண்டும் உங்களுக்கு வேறாக ஒலிக்கின்றனவா?' என்று படித்தவரைக் கேட்டலாகாது. அவர் காதாற் கேட்டன்று, எழுத்தை நினைந்தே விடை சொல்வார். 'முந்நூறு' என்பது 300. 'முன்னூறு' என்பது முன்வந்த நூறு. இவை ஒலியிலும் வேறு என்று தமிழாசிரியர் எவரும் சாதிப்பர், நானும் சாதித்திருப்பேன். ஆகையால் சீலிக் ஹரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1951ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கிய வழியே நன்று. ஒருவர் இரண்டு சொற்களையும் ஒழுங்கின்றிக் கலந்து பன்முறை சொல்ல, அவரையொத்த மற்றொருவர் ஒவ்வொரு முறையும் எச்சொல் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். ஏறத்தாழ எல்லாம் சரியாயின் அவ்வேற்றுமை அவர்கள் மொழியில் உயிரோடிருக்கிறது. பாதியளவே சரியாயின் அது நாணயத்தைச் சுண்டிப் பார்த்தது போன்ற ஊகம். வேற்றுமை எழுத்தில் மட்டும் நிற்கிறது.

இரண்டாவது, இணை கிடைக்காமை ஒன்றே இரண்டொலிகளை ஒன்றாக்கிவிடாது. ஆங்கிலத்தில் ஹகரம் சொல்லின் இறுதியில் வாராது. 'கிங்' என்பதன் ஈற்றில் ஒலிக்கும் ஙகரம் சொல்லின் முதலில் வாராது. இவை ஓரிடத்திற் சந்திப்பதேயில்லை. ஆயினும் இவற்றை ஓரொலியனின் வடிவங்கள் என்று எவரும் கொள்ளார். ஒன்று தொண்டை மூச்சு, மற்றது மூக்கொலி. இடப்பங்கீட்டோடு ஒலியொற்றுமையும் இருத்தல் வேண்டும். நம் ககரங்கள் மூன்றும் நாவின் அடிப்புறத்தை ஒட்டியே பிறந்து, அயலொலிகளின் இழுப்பினால் நெகிழ்ந்தவை என்பதாலேயே ஒன்றெனப்பட்டன.

மூன்றாவது, இரவற் சொற்கள். இந்த இடத்தில்தான் நண்பர் மறுபடியும் என்னை மடக்கினார். நான் ககர விளக்கம் முழுவதையும் பெருமையோடு கூறி முடித்ததும், "அப்படியானால், ஐயா, நடன அரங்கேற்றத்தைப் பற்றி நீங்கள் பேசும்போது சொல்லும் 'பாவம்' எது? பிச்சைக்காரனைக் கண்டு சொல்லும் 'பாவம்' எது?" என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். உள்ளக் குறிப்பைக் காட்டும் பாவத்தை நான் தொண்டை அதிரவே சொல்கிறேன். தீவினையாகிய பாவத்தை அதிராமற் சொல்கிறேன். சொல்லின் முதலிலே, அதே இடத்திலே, அதிர்வொன்றினால் மட்டும் பிரியும் இரண்டு சொற்கள் என் வாயிலேயே இருக்கின்றன! வடமொழியிலிருந்து வந்த சொற்கள், தமிழில் இல்லாத வேற்றுமையை எனக்குள் நுழைத்துவிட்டன. இரண்டையும் ஒன்றுபோலவே சொல்லும் தமிழரும் பலர் உளர். அவர்களுக்கு இவ்விணை இல்லை. எனவே தமிழ்ப் பகரம் ஓரொலியனா, இரண்டா என்று கேட்பவரிடம், 'எவருடைய தமிழில்?' என்று முதலிற் கேட்க வேண்டும். இயற்சொற்களின் அளவில் ஒன்று. என்போன்றோர் வழங்கும் இரவற் சொற்களையும் சேர்த்தால் ஒன்றென்று சாதிப்பது அரிது.

அன்று மாலை நண்பரின் கொப்பியை மறுபடி வாங்கினேன். நான் வெட்டியிருந்த ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அவர் முதலில் எழுதியவாறே சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்திலே தமிழ்க் ககரத்தையும் இட்டேன். தமிழை எப்படி ஒலிப்பது என்று அவர் எழுத்து காட்டிற்று. எவ்வொலி மாறினால் சொல் மாறும் என்பதை நம் எழுத்து காட்டிற்று. இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தன.