கட்டிய 2,115 ரூபாய் எங்கே போனது?

குழு லோன் வாங்கியவர்களின் செல்போனில், சென்டர் மீட்டிங்கில் தவணை கட்டிய அன்று சாயங்காலம் இந்த மாதிரி ஒரு மெசேஜ் வந்து விழும்:

```
Dear Cust, Rs.2115 rcvd. INT 574 POS 27172 TOS 31725. Next due 10/10
```

இதில் உள்ள எண்கள் ஒவ்வொன்றும் சரியானவைதான். ஆனால் பணம் கட்டிய அக்காவுக்கு இதில் ஒன்றுகூடப் புரியாது. என்ன எழுதியிருந்தால் புரியும் என்று பார்ப்போம்.

லோன் 40,000 ரூபாய், ஆண்டு வட்டி 24 சதவீதம், 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். இந்த வட்டியைத்தான் நாம் ‘ரெண்டு வட்டி’ என்கிறோம்: நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். கட்டக் கட்ட அசல் குறையும், குறைந்த அசலுக்குத்தான் அடுத்த மாத வட்டி. இந்தக் கணக்கில் மாதத் தவணை 2,115 ரூபாய் வரும். முதல் மாதம் முழு 40,000-க்கும் வட்டி போட்டால் 800 ரூபாய். கட்டிய 2,115-இல் அது போக மீதி 1,315 மட்டுமே அசலில் கழியும். எட்டுத் தவணை முடியும்போது அசல் 28,713 ஆகிவிடும். ஒன்பதாவது தவணையில் அதற்கான வட்டி 574 ரூபாய்தான். அதனால் 1,541 ரூபாய் அசலுக்குப் போய், 27,172 மிஞ்சும்.

மேலே உள்ள மெசேஜ் அந்த ஒன்பதாவது தவணைக்கு வந்தது. POS என்பது மிஞ்சிய அசல். TOS என்பது இனி வரப்போகும் 15 தவணைகளையும் கூட்டிய தொகை, அதாவது இனிமேல் ஏறப்போகும் வட்டியும் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் யாருக்கும் கலவரம்தான் வரும். “நான் இன்னும் 27,000 தரணுமா, 31,000 தரணுமா?” என்று அந்த அக்கா கேட்பது நியாயமான கேள்வி. இன்றைக்கே லோனை முடிக்க நினைத்தால் அவர் தர வேண்டியது 31,725 அல்ல. மிஞ்சிய அசலும், கடைசியாகக் கட்டிய தவணைத் தேதியிலிருந்து முடிக்கும் நாள்வரைக்குமான வட்டியும் மட்டுமே. 27,172-க்கு ஒரு நாள் வட்டி சுமார் 18 ரூபாய். ஐந்து நாள் கழித்து முடித்தால் ஏறக்குறைய 27,261 ரூபாயில் கணக்கு தீர்ந்துவிடும். ரிசர்வ் வங்கி விதிப்படி மைக்ரோஃபைனான்ஸ் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. ஆகவே TOS என்ற எண் மெசேஜில் இருக்கவே வேண்டாம் என்பேன். அது கம்பெனியின் வசூல் கணக்குக்கு உதவலாம், கடன் வாங்கியவருக்குப் பயத்தை மட்டுமே தரும்.

‘நிலுவை’ என்றும் போட வேண்டாம். அலுவலகத்தில் அது மிஞ்சிய கடனைக் குறிக்கும். வீட்டில் அதைப் படிப்பவர் தான் கட்டாமல் விட்ட தொகை என்றே எடுத்துக்கொள்வார். இப்படி எழுதலாம்:

```
10-09 அன்று ரூ.2,115 கட்டினீர்கள். வட்டிக்கு 574, அசலுக்கு 1,541. இன்னும் உள்ள அசல் ரூ.27,172. அடுத்த தவணை 10-10: ரூ.2,115.
```

பேசுகிற வரிசையில் எழுதியிருக்கிறேன். நீ தந்தது இவ்வளவு, அது இப்படிப் பிரிந்தது, மிச்சம் இவ்வளவு, அடுத்தது இந்தத் தேதி. மற்றதெல்லாம் கடன் அட்டையில் இருக்கட்டும். அந்த அட்டையைக் கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் மேலே சொன்ன ரிசர்வ் வங்கி விதியில் இருக்கிறது.

தமிழில் எழுதினால் மெசேஜ் நீண்டுவிடும், செலவு கூடும் என்று கம்பெனிகளில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70 மட்டுமே. துண்டுகளாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். ‘கட்டினீர்கள்’ நம் கண்ணுக்கு 7 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 12. அப்படி எண்ணினாலும் மேலே எழுதியது 123 எழுத்துதான், இரண்டு துண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று ஆரம்பித்திருந்தால் மூன்றாவது துண்டுக்குப் போயிருக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. இத்தகைய மெசேஜின் வாசகத்தை முன்கூட்டியே செல்போன் நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். எண்களும் தேதியும் வரும் இடங்களை மாறக்கூடியவை என்று குறிக்கலாம், மற்ற சொற்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால்தான் பல இடங்களில் ஒரே வாசகத்தைப் பதிவு செய்துவிட்டு எல்லா நிலைமைக்கும் அதையே அனுப்புகிறார்கள். முழுத் தவணை கட்டியவருக்கும் பாதி கட்டியவருக்கும் ஒரே வாசகம் போதாது. மெசேஜ் மிகவும் தேவைப்படுவது குறைத்துக் கட்டிய அன்றுதான்.

அதே ஒன்பதாவது மாதம் 1,500 ரூபாய்தான் கட்ட முடிந்தது என்று வையுங்கள். முதலில் வட்டி 574 கழியும், மீதி 926 அசலுக்குப் போகும். 615 ரூபாய் குறைவு. அதற்கு இப்படி ஒரு வாசகம்:

```
ரூ.1,500 கிடைத்தது. வட்டிக்கு 574, அசலுக்கு 926. குறைவு ரூ.615. இன்னும் உள்ள அசல் ரூ.27,787. 10-10 அன்று கட்ட வேண்டியது: தவணை 2,115 + குறைவு 615 = ரூ.2,730.
```

இது மூன்று துண்டு, ஆனாலும் செலவழிக்கலாம். மிச்சமுள்ள இடத்தில் புகார் எண்ணையும் போட்டுவிடலாம். தாமதக் கட்டணம் இருந்தால் அதைக் கூட்டலுக்குள் ஒளிக்காமல் தனித் தொகையாகக் காட்ட வேண்டும். அதையும் அந்த 615-க்குத்தான் போடலாம், மொத்தக் கடனுக்குப் போடக்கூடாது.

மெசேஜ் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. போன மெசேஜில் இருக்கும் அசலை எடுத்து நூற்றுக்கு இரண்டு வீதம் கணக்குப் போடுங்கள். 27,172-க்கு 543 வரும், அதுதான் அடுத்த மாத வட்டி. நாள் கணக்கில் வட்டி போடும் கம்பெனியாக இருந்தால் 31 நாள் மாதத்தில் பத்துப் பதினைந்து ரூபாய் கூடும், பிப்ரவரியில் குறையும். அது தவறு அல்ல. ஒழுங்காகக் கட்டியும் வட்டி மாதாமாதம் 448 என்று அசையாமல் நின்றால்தான் கேட்க வேண்டும். கடைசிவரை முதல் அசலுக்கே வட்டி போடும் கணக்கு அது. இதே 2,115 தவணையை அந்தக் கணக்கில் ‘பதின்மூன்றரை சதவீதம்தான்’ என்று சொல்லி விற்கலாம். கையிலிருந்து போகும் பணம் ஒன்றேதான், எழுதும் சதவீதம்தான் ஏறக்குறைய பாதியாகத் தெரியும்.

மெசேஜ் யாருடைய செல்போனுக்குப் போகிறது என்பதும் முக்கியம். குழுத் தலைவியின் எண்ணையே பத்துப் பேருக்கும் கொடுத்து வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. அப்போது ஒருவர் 615 குறைத்துக் கட்டியது அவருக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். மீட்டிங்கில் பணம் வாங்கும்போதே எண்ணைச் சரிபார்த்து, மெசேஜைச் சாயங்காலத்துக்குத் தள்ளாமல் அங்கேயே அனுப்பி, அது வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு அட்டையில் கையெழுத்துப் போட்டால், வாங்கிய பணம் கணக்கில் ஏறாமல் போனாலும் அன்றைக்கே பிடித்துவிடலாம்.