பத்தாயிரம் டாலருக்கு மூன்று விலை

கரூரிலிருந்து மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம். பிப்ரவரி 12ஆம் தேதி அமெரிக்க வாடிக்கையாளருக்கு 10,000 டாலருக்குச் சரக்கு அனுப்புகிறது. பணம் ஏப்ரல் கடைசியில்தான் வரும். இடையில் மார்ச் 31 குறுக்கிடுகிறது. இந்த ஒரே பில், கணக்கில் மூன்று இடங்களில் மூன்று மதிப்பில் நிற்கப்போகிறது.

கணக்குப் போட வசதியாக ஒரு மதிப்பை வைத்துக்கொள்வோம். சரக்கு போன நாளில் ஒரு டாலர் 86 ரூபாய் என்றால், விற்பனை 8,60,000 ரூபாய். வாடிக்கையாளரின் பற்றிலும் அதே தொகை. இந்த விற்பனைத் தொகை அதன்பின் மாறவே மாறாது. டாலர் ஏறினாலும் இறங்கினாலும், அது வேறு கணக்கின் கதை.

மார்ச் 31 அன்று டாலர் 87 ரூபாய். வர வேண்டிய பணம் இன்னும் 10,000 டாலராகவே இருக்கிறது. ஆனால் அன்றைய மதிப்பில் அது 8,70,000 ரூபாய். கூடிய 10,000 ரூபாயை வாடிக்கையாளரின் பற்றில் சேர்த்து, எதிர்ப்புறம் ‘அந்நியச் செலாவணி லாபம்’ என்ற கணக்கில் வரவு வைக்க வேண்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் 11ஆம் கணக்கியல் தரநிலை சொல்வது இதைத்தான். “பைசா வரவில்லை, அதற்குள் லாபம் காட்டுவதா?” என்று முதலாளிகள் ஆடிட்டரிடம் சண்டைக்கு நிற்பது இந்த இடத்தில்தான். கோபம் நியாயமானதே. ஆனால் டாலர் இறங்கியிருந்தால் இதே விதி அந்த நஷ்டத்தையும் அந்த ஆண்டிலேயே எழுதச் சொல்லும்.

ஏப்ரல் 24ஆம் தேதி பணம் வருகிறது. நடுவிலிருந்த வெளிநாட்டு வங்கி 25 டாலரைக் கழித்துக்கொண்டதால் வந்தது 9,975 டாலர். நம் வங்கி 86 ரூபாய் 40 காசு வீதம் மாற்றி, 8,61,840 ரூபாயைக் கணக்கில் போடுகிறது. பாஸ்புக்கில் தெரிவது இந்த ஒரே எண்தான். அவசரக் கணக்கர் இதை 8,60,000 ரூபாய் பில்லோடு ஒப்பிட்டு, “1,840 ரூபாய் டாலர் லாபம்” என்று எழுதிவிடுவார். கூட்டல் சரிதான். ஆனால் அந்த 1,840க்குள் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள் கலந்து கிடக்கின்றன.

பிரித்து எழுதினால் இப்படி வரும்: வங்கிக்கு வந்தது 8,61,840. வெளிநாட்டு வங்கி எடுத்த 25 டாலர், அன்றைய வீதத்தில் 2,160 ரூபாய். இது வங்கிக் கட்டணச் செலவு. இரண்டும் சேர்ந்து 8,64,000. பற்றில் நின்றதோ 8,70,000. மீதி 6,000 ரூபாய் புதிய ஆண்டின் செலாவணி நஷ்டம். பழைய ஆண்டின் 10,000 லாபத்தில் இந்த 6,000 போக, டாலர் ஏற்ற இறக்கத்தால் கிடைத்தது 4,000. அதில் 2,160ஐ வங்கி தின்றுவிட்டது. இப்போதுதான் டாலர் எவ்வளவு தந்தது, வங்கி எவ்வளவு எடுத்தது என்பது முதலாளிக்குத் தெரியும்.

வாங்கும் பக்கத்தில் திசை மட்டும் திரும்பும். மார்ச் 5ஆம் தேதி சீனாவிலிருந்து 3,000 டாலருக்கு ஜிப் கடனில் வாங்கினோம், அன்று டாலர் 86 ரூபாய் 50 காசு. சரக்கின் விலை 2,59,500 ரூபாய். மார்ச் 31இல் கடன் 2,61,000 ஆகிறது, 1,500 நஷ்டம். அதைக் கொள்முதல் விலையில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஜிப் விலை கூடியதுபோல் தோன்றி, அடுத்த ஆர்டருக்குச் சொல்லும் விலையே தடம் மாறும்.

முன்பணம் மட்டும் விதிவிலக்கு. வாடிக்கையாளர் முன்னதாக 2,000 டாலர் அனுப்பி, அது ரூபாயாக மாறிவிட்டது. அதற்கு நாம் திருப்பித் தரவேண்டியது பணமல்ல, சரக்கு. எனவே மார்ச் 31இல் அதைத் தொட வேண்டாம்.

ஷிப்பிங் பில்லில் இருப்பது சுங்கத்துறை அறிவித்த வீதம். ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் ஏற்றுமதிச் சரக்கின் மதிப்பு அந்த வீதத்தில்தான் போகும். கணக்கில் வேறு வீதத்தில் எழுதியிருந்தால் இரண்டு விற்பனைத் தொகையும் பொருந்தாது. அந்த இடைவெளி செலாவணி லாபமும் அல்ல, நஷ்டமும் அல்ல. பில்வாரியாக ஒரு ஒப்பீட்டுத் தாள் போட்டு வைத்தால் போதும்.

தவறு நடந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வாடிக்கையாளர் லெட்ஜரில் டாலர் பத்தி பூஜ்யமாக இருந்து ரூபாய் பத்தியில் மட்டும் மிச்சம் நின்றால், செலாவணி வேறுபாட்டை எழுத மறந்திருக்கிறார்கள். மாறாக, டாலர் பத்தியில் 25, 30 என்று சில்லறை பல பில்களில் தொங்கினால், வங்கிப் பிடித்தத்தை யாரும் செலவெழுதவில்லை. டேலி வைத்திருப்பவர்களுக்கு பேலன்ஸ் ஷீட்டில் Unadjusted Forex Gain/Loss என்றொரு வரியே வந்து நிற்கும். ஜர்னல் என்ட்ரி போடும்வரை அது அங்கேயே இருக்கும்.