ஜன்னலைக் கழிக்கலாமா, கூடாதா?

வீடு கட்டுபவருக்கும் மேஸ்திரிக்கும் கடைசி பில்லில் பெரும்பாலும் தகராறு வருவது பூச்சு வேலையில்தான். "ஜன்னல் இருக்கும் இடத்தில் பூச்சே இல்லையே, அதற்கும் சதுர அடிக் கூலியா?" என்பார் வீட்டுக்காரர். "ஜன்னலைச் சுற்றி மூலை பிடித்துப் பூசினோமே சார், அதற்கு யார் கொடுப்பது?" என்பார் மேஸ்திரி. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதை முன்பே யோசித்துத்தான் ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதி, பூச்சுக்கான 12ஆம் பகுதியில் ஒரு நடுவழி சொல்கிறது.

12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள வெளிச்சுவர் ஒன்று. அதில் 4க்கு 4 ஜன்னல். உள்ளும் வெளியும் ஒரே கலவைப் பூச்சு. ஒரு பக்கம் 120 சதுர அடி, இரு பக்கமும் 240. ஜன்னலின் பரப்பு 16. விதிப்படி அந்த 16ஐ ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். பில் 224 சதுர அடி. கழிக்காமல் விட்ட மறுபக்கத்து 16, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்க்கனத்தைப் பூசியதற்கு ஈடு. நிலைக்கு வெளியே 5 அங்குலக் கனம் தெரிந்தால் அது ஏழு சதுர அடிகூட வராது. ஆனால் நூல் பிடித்து விளிம்பு எடுக்கும் அந்த வேலைதான் நேரத்தைத் தின்னும். ஆகவே இந்த ஈடு அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கு அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 5.4 முதல் 32 சதுர அடி வரையுள்ள திறப்புகளுக்கு. வாசல் கதவு, ஜன்னல் எல்லாம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். சின்ன வென்டிலேட்டரைக் கழிக்கவே வேண்டாம். பெரிய திறப்பு என்றால் இரு பக்கமும் கழித்து, சுவர்க்கனத்தைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். நிலை சுவர்க்கனத்துக்குச் சமமாக இருந்தால் பூசுவதற்கு ஓரமே இல்லை. அப்போது பூசிய ஒவ்வொரு பக்கத்திலும் முழுக் கழிவு.

பில்லில் கவனிக்க வேண்டியது, இரட்டைக் கணக்கு. ஜன்னலைக் கழிக்காமல் 240 எழுதிவிட்டு, கீழே "ஜன்னல் ஓரம்" என்று தனி வரியும் இருந்தால் ஒரே வேலைக்கு இருமுறை கூலி போகிறது.

டைல்ஸில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். ஒட்டிய பரப்புதான் கணக்கு. 8க்கு 5 குளியலறையில் 7 அடி உயரம் ஒட்டினால், சுற்றளவு 26 அடிக்கு 182 சதுர அடி. இரண்டரைக்கு 7 கதவைக் கழித்தால் 164.5. கதவு ஓரத்தில் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அதை அளந்து சேர்க்க வேண்டும். வெட்டில் வீணாகும் டைல்ஸை வாங்கும்போது கூடுதலாகச் சேர்க்கலாம். ஒட்டுக் கூலியில் சேர்க்கக் கூடாது.

தனியார் வேலையில் பேசிய பேச்சுதான் செல்லும். "கழிவு ஐ.எஸ். 1200 படி" என்ற ஒரு வரியை, வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.