மடங்க மறுக்கும் முழங்கால்

நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் முழங்காலைப் பாருங்கள். நேராக நீட்டிய காலை 0 பாகை என்று கொண்டால், இப்போது அது ஏறக்குறைய 90 பாகை மடங்கியிருக்கிறது. சமதரையில் நடக்க 60, 65 பாகை போதும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத்தான் 90க்கும் அதிகமாக வேண்டும்.

தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோகமும் பாலித்தீனும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்திய பிறகு, சிலருக்குக் கால் மடங்க மறுக்கிறது. புது மூட்டு நன்றாகத்தானே வழுக்கும், பிறகு ஏன்? குற்றம் உலோகத்தில் இல்லை, அதைச் சுற்றியுள்ள தசையிலும் சவ்விலும் இருக்கிறது. முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு மடிப்புப் பை உண்டு. கால் மடங்கும்போது அது குடைத்துணிபோல் விரியும். அறுவைக்குப் பின் காயம் ஆறுகையில் கொலாஜன் இழைகள் தோன்றி அந்த மடிப்புகளை ஒட்டவைத்துவிடலாம். இழைகள் இளசாக இருக்கும் முதல் சில வாரங்களிலேயே மூட்டை அசைத்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

பயிற்சி எளியது. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையிலேயே பின்னோக்கி இழுக்க வேண்டும். இறுக்கம் தெரியும் இடத்தில் 5 முதல் 10 விநாடி நிறுத்தி, மெல்லத் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளில் பல தடவை.

எவ்வளவு வலியைப் பொறுப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வாரத்தில் அவருக்கு 75 பாகை மடங்குகிறது. "வலித்தால்தான் பலன்" என்று பேரன் காலைப் பிடித்து அழுத்துகிறான். மறுநாள் முழங்கால் வீங்கி, 68 பாகைதான் மடங்குகிறது! மூட்டில் நீர் கோத்தால் உள்ளே அழுத்தம் கூடும்; மடக்க மடக்க அது இன்னும் ஏறும். தொடையின் முன்தசையும் வலிக்குப் பயந்து இறுகிக்கொள்ளும். ஆகவே முரட்டு அழுத்தம் இருந்ததையும் குறைத்துவிட்டது.

இழுப்பது போன்ற வலி, காலைத் தளர்த்தியதும் சிறிது நேரத்தில் தணிந்தால் அது ஏற்கத்தக்கது. மறுநாளும் வலி நீடித்து, வீக்கம் கூடி, மடங்கும் அளவு குறைந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அப்போது பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது, அழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். துணி சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைக்கலாம். வலி மாத்திரையை மருத்துவர் சொன்னபடி பயிற்சிக்கு அரைமணி முன்பு விழுங்குவதில் கோழைத்தனம் ஏதும் இல்லை. பாட்டியும் அவ்வாறே செய்தால், அந்த 7 பாகை சில நாட்களில் திரும்பிவிடக்கூடும்.

ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ அது பயிற்சி வலி அல்ல; உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முயன்றும் ஆறு வாரம் கடந்து 90 பாகையை எட்டாவிட்டால், மயக்க மருந்து கொடுத்து, மருத்துவரே காலை மடக்கி ஒட்டுகளைப் பிரிப்பதுண்டு. மூன்று மாதத்துக்குள் இதைச் செய்வதையே பெரும்பாலும் விரும்புகிறார்கள். பிறகு இழைகள் முற்றிவிடும். அவற்றைப் பிரிக்கக் கொடுக்கும் விசையில் எலும்பே முறியவும் கூடும்.